மேட்ச் மேல் பழி போட்ட ஞாயிறு: ஒரு பெங்களூரு பதிப்பின் ஷிஃப்ட் சார்ட்

2023 மே 21, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிற்பகல் பெங்களூரில் கொட்டிய மழையில் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஒரு கார் மூழ்கி, அதில் இருந்த இளம்பெண் இறந்துபோனார். முந்தின நாள்தான் புது அமைச்சரவை பதவியேற்றிருந்தது. சாயங்காலம் முதல்வர் மருத்துவமனைக்கு வந்தார், நிவாரணம் அறிவித்தார். ஊர் முழுக்க மரம் விழுந்த கணக்கு வந்துகொண்டே இருந்தது. இத்தனைக்கும் நடுவில் சின்னசாமி மைதானத்தில் ஆர்சிபிக்கு வாழ்வா சாவா ஆட்டம். ஏழரைக்குத் தொடங்க வேண்டியது, மழையால் எட்டரை வாக்கில்தான் தொடங்கியது. கோலி சதம் அடித்தார், பதிலுக்கு கில் சதம் அடித்தார், நள்ளிரவை ஒட்டி ஆர்சிபி வெளியேறியது.

அன்று எங்கள் நகரப் பதிப்பு 35 நிமிடம் தாமதமாக அச்சேறியது. மறுநாள் விடியலில் ஸ்பாட்டில் எங்கள் ஆள் யாரும் இல்லை. திங்கள் மதியக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன காரணம்: "மேட்ச் லேட், என்ன பண்றது?" சர்குலேஷன்காரர்களும் தலையாட்டினார்கள். நானும்தான். அந்தப் பதிப்பில் ஷிஃப்ட் சார்ட் போடுகிற வேலை அப்போது என்னிடம் இருந்தது. மேட்ச் மேல் பழி போனால் என் சார்ட் தப்பிக்கும் அல்லவா.

ஆனால் கணக்குப் பார்த்தபோது மேட்ச் நிரபராதி.

பெங்களூரில் வருகிற ஒரு தமிழ் நாளிதழ் எங்களுடையது. 12 பக்கம், ஒரே அச்சு இயந்திரம், இரண்டு பதிப்பு. முதலில் வெளியூர் பதிப்பு. செய்திகளைத் திருத்துகிற டெஸ்க்கில் அதை டாக் என்போம். அது கோலார் வழியாகத் தங்கவயலுக்குப் போகும். தங்கவயலில் எங்களுக்குப் பழைய வாசகர்கள் அதிகம். அப்புறம் நகரப் பதிப்பு: சிவாஜி நகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம். டாக் பக்கங்கள் இரவு 10.30-க்கு லாக். அதன் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது. பிளேட் எடுத்து மாட்டி 11.15-க்கு இயந்திரம் ஓடத் தொடங்கும், 12.15-க்கு டாக் முடியும். அதே 12.15-தான் நகரப் பதிப்புக்கு லாக். மாறிய பக்கங்களுக்குப் பிளேட் மாற்ற அரை மணி நேரம். 12.45-க்கு மறுபடி இயந்திரம் ஓட வேண்டும். இரண்டு மணிக்கு வண்டிகள் கிளம்பினால்தான் நாலு மணிக்குப் பேப்பர் போடுகிற பையன்கள் கையில் கட்டு இருக்கும்.

எங்கள் ஆள் பலம் நகரச் செய்தியாளர்கள் 9 பேர், டெஸ்க்கில் 8 பேர். ஆளுக்கு வாரம் ஆறு நாள் என்றால் செய்தியாளர் பக்கம் வாரத்துக்கு 54 ஆள்-நாள். ஞாயிறு விடுப்பு எல்லோருக்கும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை செய்தி குறைவு என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. அதனால் ஞாயிறு 5 செய்தியாளர், டெஸ்க்கில் 5 பேர் என்று சார்ட் காலம் காலமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஐந்து செய்தியாளர்களில் இருவர் காலை 11 முதல் மாலை 6 வரை, இருவர் 2 முதல் 9 வரை, ஒருவர் நைட், மாலை 6.30 முதல் 12.30 வரை. அன்றைய நைட் ஆள் எங்கே இருந்தார்? சின்னசாமி மைதானத்தின் பிரஸ் பாக்ஸில். ஆக, இரவு 9 மணிக்குப் பிறகு ஊருக்கு என்று ஒரு ஆளும் சார்ட்டில் இல்லை. மழை பெய்யாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் செய்த முதல் வேலை, கணினியில் பதிவான நேரங்களை எடுத்து ஒரு தாளில் எழுதியது. ஒவ்வொரு செய்திக்கும் மூன்று நேரம் இருக்கும்: காப்பி, அதாவது செய்தியாளர் எழுதிய செய்தி, வந்த நேரம், சப் எடிட்டர் முடித்துக் கொடுத்த நேரம், அந்தச் செய்தி இருக்கிற பக்கம் போன நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை 7 மணிக்கு முன்னால் வந்த காப்பி மூன்றே மூன்று. 8.40-க்கும் 9.40-க்கும் நடுவில் வந்தவை 13.

இதை டெஸ்க் பக்கம் இருந்து பாருங்கள். ஐந்து பேரில் ஒருவர் விளையாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மீதி நாலு பேர். முந்நூறு சொல் காப்பியைப் படித்து, பெயரெல்லாம் சரிபார்த்து, தலைப்பு வைத்து முடிக்க ஒரு நல்ல சப்புக்கு 20 முதல் 25 நிமிடம். 22 என்று வைத்துக்கொள்வோம். 13 காப்பிக்கு 286 நிமிடம். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 72 நிமிடம். 8.40-க்கு ஆரம்பித்து ஒரு நிமிடமும் சிந்தாமல் உழைத்தால் 9.52. ஆனால் கடைசிக் காப்பியே 9.40-க்குத்தான் வருகிறது, அதனால் பத்து மணி தாண்டும். அதற்குப் பிறகு மூன்று பக்கங்களை மேக்கப் செய்ய வேண்டும், அதாவது செய்திகளைப் பக்கத்தில் அடுக்க வேண்டும். பக்கத்துக்கு அரை மணி, மேக்கப் ஆட்கள் இரண்டு பேர், ஆக மொத்தம் ஒரு மணி நேரம். சரி, மணி 11.05. கணினியும் அதையேதான் சொன்னது: டாக்கின் கடைசிப் பக்கம் போனது 11.05. லாக் 10.30. தாமதம் 35 நிமிடம்.

இப்போது மேட்ச்சுக்கு வருவோம். டாக் 35 நிமிடம் தள்ளிப்போனதால் இயந்திரம் 11.15-க்குப் பதில் 11.50-க்கு ஓடியது, 12.50-க்கு நின்றது. விளையாட்டுப் பக்கம் எப்போது போனது? 12.20-க்கு. நைட் ஆள் அன்று கெட்டிக்காரத்தனமாக வேலை செய்திருந்தார். இரண்டாவது இன்னிங்ஸ் பாதியிலேயே இரண்டு விதமாக எழுதி வைத்துவிட்டார்: ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. கடைசி ஓவர் முடிந்ததும் முதல் இரண்டு பாராவை மட்டும் தட்டி அனுப்பினார். லாக் நேரத்தை அவர் 5 நிமிடம்தான் தாண்டினார். அந்தப் பக்கத்துக்கு நாலு வண்ண பிளேட். எங்கள் கருவியில் பிளேட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் 12 நிமிடம். 12.32-க்கு அவை ரெடி. இயந்திரமோ இன்னும் டாக்கை அடித்துக்கொண்டிருந்தது. மேட்ச் பிளேட் இயந்திரத்துக்காக 18 நிமிடம் காத்துக்கிடந்தது என்பதுதான் உண்மை. நகரப் பதிப்பு 12.45-க்குப் பதில் 1.20-க்கு ஓடியதற்குக் காரணம் நள்ளிரவு இல்லை, 8.40-க்கு வந்த அந்த அலை.

கெடு 12.15 என்றால் தாமதத்தை 12 மணிப் பக்கம் தேடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஒரே இயந்திரத்தில் இரண்டு பதிப்பு அடிக்கிற இடத்தில் அப்படித் தேடினால் கிடைக்காது.

ஏன் எல்லாக் காப்பியும் ஒன்றாக வருகிறது? செய்தியாளர்கள் சோம்பேறிகள் என்று டெஸ்க்கில் சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. சார்ட் அப்படி. 2 முதல் 9 வரை ஷிஃப்ட் போட்டால், ஆள் ஏழரை வரை வெளியே சுற்றுவார், பிறகு அலுவலகம் வந்து டீ குடித்து எழுதுவார், ஒன்பதுக்குள் முடிப்பார். அவர் கெடு 9 மணி என்று சார்ட்டே சொல்கிறது. உள்ளே வரும் நேரத்தை எழுதினோமே தவிர, காப்பி வெளியே வரும் நேரத்தை நாங்கள் எங்கும் எழுதவில்லை.

மாற்றியது இதைத்தான். சார்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'காப்பி' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். 2 மணி ஷிஃப்ட்டில் ஒருவரை 12-க்கு இழுத்தோம். மாநகராட்சி, நீதிமன்றம், ரயில்வே செய்திகள் 6.30-க்குள் டெஸ்க்குக்கு வந்துவிட வேண்டும். அவை அதற்குள் முடிகிற செய்திகள்தான். ஏழு மணிக்கு மேல் நடப்பது எதுவானாலும் ஸ்பாட்டில் இருந்தே போனில் மூன்று பாரா. அது டாக்குக்குப் போதும். விரிவாக எழுதுவது நகரப் பதிப்புக்கு. போலீஸ் செய்தியில் இது பலிக்கவில்லை. "பிரஸ் நோட்டே சாயங்காலம்தான் சார் வரும், நான் என்ன கனவு கண்டா எழுதறது?" என்றார் எங்கள் க்ரைம் செய்தியாளர். நியாயம். அவரை அலையிலேயே விட்டுவிட்டோம். 13 காப்பியில் மூன்று அவருடையது என்றால் பரவாயில்லை, மீதி பத்தைக் கலைத்தால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் ஏழு மணிக்கு முன்னால் எட்டு ஒன்பது காப்பி வரத் தொடங்கியது, டாக் பெரும்பாலும் 10.30-ஐத் தாண்டவில்லை.

இதெல்லாம் சுலபமான பாதி. திங்கள் காலைதான் சிக்கல்.

ஞாயிறு காலை 11-க்கு வந்த ஒரு செய்தியாளர், 6 மணிக்குப் போயிருக்க வேண்டியவர், மழையால் நிறுத்திவைக்கப்பட்டார். கே.ஆர். சர்க்கிள், அப்புறம் மருத்துவமனை, அப்புறம் முதல்வர் வருகை, அப்புறம் போலீஸ் வழக்கு. அவர் அலுவலகத்தை விட்டுக் கிளம்பியது இரவு 11.40. திங்கள் காலை 6 மணி ஷிஃப்ட்டுக்கு சார்ட்டில் யார் பெயர்? அவரே. இரவில் அவரை நிறுத்திவைத்தவர் சிட்டி சீஃப், காலை சார்ட் போட்டவன் நான். இருவர் தாளும் ஒன்றை ஒன்று பார்க்கவே இல்லை. அவர் 7.10 வரை தூங்கினார், போன் அடித்து எழுப்பினோம். ஒன்பது மணிக்குத் தண்ணீர் வடியாத சுரங்கப்பாதைகளைப் பார்க்கப் போனவர், மேக்ரி சர்க்கிள் படத்துக்குக் காவேரி தியேட்டர் என்று குறிப்பு எழுதினார். இரண்டும் ஒரே பல்லாரி சாலையில் இருப்பவைதான், ஆனால் ஊர்க்காரன் யாரும் குழம்ப மாட்டான். செவ்வாய்க்கிழமை திருத்தம் போட்டோம். அந்தத் திங்கள் 11 மணிக்குப் புது சட்டசபையின் முதல் கூட்டம் வேறு. அதற்கும் அவரையே அனுப்ப இருந்தோம் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று நடைமுறையில் இருந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-ஐச் சேர்ந்தது. அதன் கீழ் வந்த 1957 விதிகளில் இதற்கெல்லாம் கணக்கு இருந்தது. நாலு வாரத்துக்கு 144 மணி நேரம். பகல் ஷிஃப்ட் ஆறு மணி நேரம், நைட் ஐந்தரை. இரவு 11-க்கும் காலை 5-க்கும் நடுவில் எந்த நேரத்தைத் தொட்டாலும் அது நைட். ஒரு பகல் ஷிஃப்ட்டில் இருந்து வேறு பகல் ஷிஃப்ட்டுக்கு மாற 12 மணி நேர இடைவெளி, பகலில் இருந்து நைட்டுக்கோ நைட்டில் இருந்து பகலுக்கோ மாற 24 மணி நேரம். நைட் பதினாலு நாளில் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. இதையெல்லாம் சங்கத்துக்காரர்கள் பேசுகிற விஷயமாகத்தான் நான் நினைத்திருந்தேன். சார்ட் போடுபவனுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது என்பது அந்த வாரம்தான் புரிந்தது.

11.40-க்குப் போனவரை 12 மணி நேரம் கழித்துக் கூப்பிடலாம் என்றாலே திங்கள் 11.40 ஆகிவிடும். உண்மையில் அவர் இரவு 11-ஐத் தாண்டிவிட்டார். ஆகவே அது நைட், 24 மணி நேர இடைவெளி தேவை, திங்கள் முழுக்கப் போச்சு. விடியல் ஆளுக்கு நாங்கள் வைத்த விதி இதுதான்: நாளைக் காலை 6-க்கு வருபவர் இன்று மாலை 6-க்குப் போயே ஆக வேண்டும். சார்ட்டில் அவர் பெயருக்குச் சிவப்பு அடிக்கோடு. ஊரே எரிந்தாலும் அவரை நிறுத்தக் கூடாது. நிறுத்தியே ஆக வேண்டிய நாளில், மறுநாள் விடுப்பில் இருப்பவரை நிறுத்து, அவருக்கு வேறு நாள் விடுப்புக் கொடு. போகும்போது குழுவில் 'அவுட் 11.40' என்று ஒரு வரி போட வேண்டும். சார்ட்டில் எழுதிய நேரத்துக்கு மதிப்பில்லை, அந்த வரியில் இருந்துதான் இடைவெளியை எண்ணுவோம்.

நைட் ஆளின் ஞாயிற்றுக்கிழமை விடுப்பை யார் நிரப்புவது என்பதில்தான் நான் அதிக நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நைட்டில் திங்கள் முதல் சனி வரை ஒருவர், ஞாயிறு அவருக்கு விடுப்பு. அந்த ஒரு இரவுக்கு வேறொருவர் வர வேண்டும். ஒரே ஒரு இரவுதானே என்று யாரையாவது போட்டுவிடுவோம். பகல் ஆளை ஒரு இரவு இழுத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஞாயிறு நைட் 12.30-க்கு, அதாவது திங்கள் அதிகாலை, முடிகிறது. 24 மணி நேரம் சேர்த்தால் செவ்வாய் அதிகாலை 12.30. ஆக, திங்கட்கிழமை அவர் இல்லை. அவருடைய வாராந்திர விடுப்பு வியாழன் என்றால் வாரத்தில் இரண்டு நாள் காலி. வாரம் ஒரு ஆள்-நாள் இப்படி ஒழுகிக்கொண்டிருந்தது. அதை ஈடுகட்டத்தான் யாரையாவது இடைவெளி இல்லாமல் வரச் சொன்னோம், அந்தப் பழக்கம்தான் மே 22 காலையில் வந்து நின்றது.

விடை சிறியது. ஞாயிறு நைட்டுக்கு வருபவரின் விடுப்பு திங்கள். அவ்வளவுதான். சனிக்கிழமை அவர் மாலை 6-க்குள் போய்விட வேண்டும், ஞாயிறு 6.30-க்கு வந்தால் 24 மணி நேரம் ஆகிவிடுகிறது. திங்கள் அதிகாலை 12.30-க்குப் போனவர் செவ்வாய் காலை 10-க்கு வருகிறார், நடுவில் 33.5 மணி நேரம். வாராந்திர ஓய்வு 24 மணி நேரம் தொடர்ச்சியாக, அதற்குள் இரவு 10 முதல் காலை 6 வரை அடங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதுவும் இந்த 33.5-க்குள் அடங்கிவிடுகிறது. ஷிஃப்ட் மாற்றத்துக்கான இடைவெளியும் விடுப்பும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்துவிட்டன. ஒரு ஆள்-நாளும் வீணில்லை. திங்கள் விடுப்பு யாருக்கும் பிடிக்காது என்பதால் நாலு பேர் மாதம் ஒரு முறை என்று சுற்றில் விட்டோம்.

டெஸ்க்கிலும் இதே கணக்குத்தான், ஒரு வித்தியாசம் தவிர. நைட் டெஸ்க்கில் வீட்டுக்குப் போகிற வண்டி ஒன்றுதான். அது 12.45-க்கு ஒரு நடை, திரும்பி வந்து இன்னொரு நடை. கடைசி மெட்ரோ அதற்கு முன்பே போய்விடும். இரண்டாம் நடையில் போகிறவர் வீடு சேரும்போது இரண்டரை. அதனால் டெஸ்க் ஆட்களுக்கு 'அவுட்' என்பதை வண்டி ஏறிய நேரத்தில் இருந்து எண்ண ஒப்புக்கொண்டோம். இதை நிர்வாகத்திடம் பேசி வாங்க ஒரு மாதம் பிடித்தது. அது தனிக் கதை.

ஆகஸ்ட்டில் நல்ல பரீட்சை வந்தது. 23-ஆம் தேதி சந்திரயான்-3 தரையிறங்கியது மாலை 6.04. அது எங்களுக்கு வரம்: டாக்குக்கே நாலரை மணி நேரம் இருந்தது. 26-ஆம் தேதி சனிக்கிழமைதான் சோதனை. வெளிநாட்டில் இருந்து நேரே பெங்களூர் வந்த பிரதமர், விடியலில் எச்ஏஎல் விமான நிலையத்தில் இறங்கி பீன்யாவில் உள்ள இஸ்ரோ மையத்துக்குப் போகிறார். பாதுகாப்புச் சோதனைக்காக நாலரைக்கே பீன்யாவில் ஆள் நிற்க வேண்டும் என்றார் சிட்டி சீஃப். நான் தாளை எடுத்தேன். 4.30 என்றால் 5 மணிக்கு முன்னால், அதனால் அது நைட். நைட் என்றால் 24 மணி நேர இடைவெளி, வெள்ளிக்கிழமை அந்த ஆள் வேலைக்கே வரக் கூடாது. அரை மணி நேரத்துக்காக ஒரு முழு ஆள்-நாள்.

"அஞ்சு மணின்னா?" என்றார்.

"அஞ்சு மணின்னா அது பகல் ஷிஃப்ட். முந்தின நாள் சாயங்காலம் அஞ்சுக்குப் போனவர் வரலாம் சார்."

கொஞ்ச நேரம் யோசித்தார். சோதனை வரிசையில் அரை மணி பின்னால் நிற்பதால் என்ன போய்விடும் என்று புகைப்படக்காரரிடம் கேட்டார். அவர் உள்ளே போகிறவர் இல்லை, ஜாலஹள்ளி பக்கம் கூட்டத்தை எடுக்கப் போகிறவர். "ஒண்ணும் போகாது அண்ணா" என்றார். ஐந்து மணி என்று முடிவானது. வெள்ளிக்கிழமை ஐந்துக்கு அந்தச் செய்தியாளரை வீட்டுக்கு அனுப்பினோம், அவருடைய மாநகராட்சிக் காப்பி 4.20-க்கே டெஸ்க்கில் இருந்தது. சனிக்கிழமை பீன்யாவில் நின்றுவிட்டு 11 மணிக்கு எழுதி முடித்துக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் ஐந்து செய்தியாளர்தான். ஆறாக்கப் பார்த்தேன். ஆறாவது ஆளுக்கு வார நாளில் விடுப்புக் கொடுத்தால் புதன்கிழமை இளைக்கிறது, புதன் எங்களுக்கு இணைப்பிதழ் நாள். இப்போதைக்கு, மைதானத்தில் ஆட்டம் இருக்கிற ஞாயிறுகளில் மட்டும் 2 மணி ஷிஃப்ட்டில் ஒருவரை 4-க்குத் தள்ளி, இரவு 11 அடிப்பதற்குள் வெளியே அனுப்புகிறோம்.